ஏழாவது கட்டம்

கோயம்புத்தூரிலிருந்து வந்த பழுப்பு உறையை மாடத்தி பிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள், தடிமனிலேயே தெரிந்துவிட்டது. வேலை உத்தரவு என்றால் ஒற்றைத் தாளாக, மெலிசாக இருக்கும். இது மறுபடியும் அந்த ஃபாரம்தான்.

"நாலாவதா?" என்று கேட்டாள் சைதூன் பீவி. தென்காசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதில் குழந்தைகள் வார்டு, அந்த வார்டுக்கு இரண்டு ஆயாக்கள். மாடத்தி ஒருத்தி, சைதூன் இன்னொருத்தி. பால்புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டே பேசுகிற பேச்சில்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது.

"நாலாவதுதான் அக்கா. என்னத்தத்தான் கேக்காகளோ. ஒயரம் என்ன, மச்சம் எங்கன இருக்கு, அம்மை குத்தியாச்சா. போன மாசம் குத்துன அம்மை இந்த மாசம் அழிஞ்சா போவும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விகளுக்கு எந்த ஆபீசில் பதில் வைத்திருக்கிறார்கள்? கேட்பது மட்டும்தான் அவர்கள் வேலை. பதில் சொல்வது நம் தலையெழுத்து. இது சீனச் சண்டைக்கு முந்திய வருஷம். அப்போதே அப்படித்தான்.

மாடத்திக்கு அந்த வேலை ஏன் அத்தனை அவசியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்காரர் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி டிரைவர். கல்யாணமான மறுமாசமே மலையேறிப் போனவர். வருஷத்துக்கு ஒருமுறை ஆடி அமாவாசைக்கு வருவார். வந்து, குலசாமி கும்பிட்டு, இருந்த கொஞ்ச நாளில் பாதியை லாரியைப் பற்றியும் மீதியைக் குளிரைப் பற்றியும் பேசிவிட்டு, மறுபடியும் பஸ் ஏறிவிடுவார். கூடக் கூட்டிப்போக அவருக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? அங்கே ஒரு அறையில் நாலு டிரைவர்கள் ஒன்றாகப் படுக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே கம்பெனியில் பேர் பதிந்திருந்தால்தான் தனி வீடு. எஸ்டேட் சட்டம் அப்படி.

போன ஆடிக்கு வந்தபோது அவர்தான் சொன்னார். தேயிலை பறிக்கிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள எஸ்டேட்டில் புதிதாகக் காப்பகம் கட்டுகிறார்களாம். அதற்குப் பழகின ஆயா வேண்டுமாம். ஆள் எடுப்பது கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சி.

"ஒனக்குன்னே கட்டுத மாதிரி இருக்குட்டி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மாடத்தி அத்தனை மாதமும் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறர் பெற்ற பிள்ளைகளுக்குப் பால் புகட்டும்போதெல்லாம் அவள் மனசு வால்பாறையில் ஒரு வீட்டுக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்கும். அவர் வருவார். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்துவார். அதற்கு மேல் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே இங்கிலீஷில் பயோடேட்டா தட்டச்சு செய்து, கூடவே நல்ல பெண் என்று ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தார். அதை அனுப்பினாள். பதிலுக்கு ஃபாரம் வந்தது. 'இத்துடன் உள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பவும்.' சரிதான், எந்தக் கம்பெனிக்கும் தன் ஃபாரம் தனக்கு வேண்டும். நிரப்பி அனுப்பினாள். மறுபடியும் அதே ஃபாரம், அதே வரி. நிரப்பினாள். மறுபடியும் அதே. முகம் தெரியாத ஒருவன் அங்கே உட்கார்ந்துகொண்டு, தன்னைச் சேர்த்துக்கொள்ளவும் மனமில்லாமல் வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லாமல் விளையாடுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

ஃபாரம் இங்கிலீஷில். தட்டச்சில்தான் நிரப்ப வேண்டும். மாடத்தி படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆகவே, கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவாள். அவள் சொல்லச் சொல்ல அங்கே இருக்கிறவர் அடிப்பார். கடைசியில் 'கோ. மாடத்தி' என்று தமிழில் கையெழுத்துப் போடுவாள். உறையை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியை ஒருதரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

இப்போதும் கால் தன்னால் அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தது. சைதூன் பீவி விடவில்லை.

"ஏட்டி, நெரப்பாத. கேளு."

"என்னன்னு கேக்க?"

"எந்தக் கட்டம் தப்புன்னு கேளு. ஒன்னும் தப்பில்லன்னா எதுக்கு அனுப்புதீகன்னு கேளு. வேல இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லு. மூணு தடவ நெரப்புனவளுக்கு ஒரு தடவ கேக்க உரிமையில்லையா?"

"அவுக கோவப்பட்டுட்டா?"

"கோவப்பட்டு என்ன செய்யப் போறாக? அஞ்சாவது ஃபாரம் அனுப்புவாக. அதான் நடக்கப் போவுது."

இதில் சிரிப்பு வந்துவிட்டது மாடத்திக்கு. சிரித்தது நல்லதாயிற்று; பயம் கொஞ்சம் விலகியது. அன்று வேலை முடிந்ததும் மருந்துச் சீட்டு எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து, தன் கையாலேயே தமிழில் எழுதினாள்.

'மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு, தென்காசி ஆஸ்பத்திரி ஆயா மாடத்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்கள் அனுப்பிய ஃபாரம் கிடைத்தது. இதே ஃபாரத்தை மூன்று முறை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ள விவரம் எதுவும் மாறவில்லை. நான் வளரவும் இல்லை, என் காது மச்சம் இடம் மாறவும் இல்லை. ஆகையால் இந்தத் தடவை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் குறை என்று எழுதினால் அதைத் திருத்தித் தருகிறேன். வேலை காலி இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் தங்கள் எஸ்டேட்டில்தான் லாரி ஓட்டுகிறார்கள். அவர்களோடு ஒரு வீட்டில் இருக்கத்தான் இந்த வேலை கேட்கிறேன். இல்லை என்று தெரிந்தால் மனசை ஆற்றிக்கொள்வேன். ஃபாரம் வந்துகொண்டே இருந்தால் ஆற்ற முடியவில்லை.'

கடைசி வரியை எழுதிவிட்டு, அதைக் கோடு போட்டு அடிக்கப் போனாள். சைதூன் பீவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

பதில் வரத் தாமதமாயிற்று. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டியது. தென்காசித் தெருக்களிலும் வெயிலும் தூறலுமாகக் காற்று அடித்தது. மாடத்தி தபால்காரரைக் கண்டாலே ஒதுங்கிப் போனாள். கேட்காமலே இருந்திருக்கலாமோ, நாலாவதையும் நிரப்பியிருந்தால் அதிலாவது கிடைத்திருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆசைப்படுகிறவளுக்குத் தன் மேலேதான் முதல் சந்தேகம் வரும்.

வந்த உறை மெலிசாக இருந்தது. உள்ளே இருந்தது உத்தரவு அல்ல. கையால் எழுதிய தமிழ்க் கடிதம்.

'அம்மா, உங்கள் கடிதம் கண்டேன். எஸ்டேட் பதிவேட்டோடு ஒத்துவராத ஃபாரம் வந்தால் புது ஃபாரம் அனுப்புவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எது ஒத்துவரவில்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குத் தகுந்தாற்போல எழுதிவிடுகிறார்கள். வீடு வாங்குவதற்காக இல்லாத புருஷனை எழுதினவர்களும் உண்டு. ஆனால் உங்களைப் போல எழுதினவர் யாரும் இல்லை. ஏழாவது கட்டம், கணவர் பெயர். முதல் ஃபாரத்தில் அய்யனார். இரண்டாவதில் சாஸ்தா. மூன்றாவதில் பட்டவராயன். மூன்று பேருமே எங்கள் எஸ்டேட்டில் லாரி ஓட்டவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஆள் எடுப்பதற்காகக் குற்றாலம் வருகிறேன். அருவிக்கரை பங்களாவில் இருப்பேன். நேரில் வந்து உங்கள் கணவர் பெயரை உங்கள் வாயால் சொல்லவும். அன்றைக்கும் ஒத்துவராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம்.'

படித்துவிட்டு மாடத்தி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். அப்படித்தான் அவள் அம்மா வளர்த்தாள், அவள் அம்மாவையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். சாதாரண மனுஷன் ஆயுசென்றாலும் சரி, அவரோ கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டுகிறவர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். தன் நாக்குப் பிசகி அங்கே சக்கரம் பிசகினால்? அதனால் இன்ஸ்டிட்யூட்டில் ஏழாவது கட்டம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆடி அமாவாசைக்குக் காரையாத்துக்கு வண்டி கட்டிப் போவாகள்லா? அங்கன இருக்க சாமி பேருதான்" என்பாள்.

நம் ஊரில் குறிப்புச் சொன்னால் புரியாதவர் யார்? எல்லோருக்கும் புரிந்தது, ஆளுக்கொரு விதமாக. முதல் தடவை இன்ஸ்டிட்யூட் முதலாளி அருமைநாயகம். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். காரையாற்றில் ஒரு அய்யனார் கோயில் என்ற அளவில் கேள்விப்பட்டிருந்தார். "அய்யனார்தான தாயி?" என்று கேட்டார். சாமி சரியாகத்தானே வந்துவிட்டது என்று அவளும் தலையாட்டினாள். இரண்டாம் தடவை அங்கே படிக்க வந்த ஒரு பெண், அய்யனாரும் சாஸ்தாவும் ஒன்று என்று அறிந்தவள், கேட்காமலே சாஸ்தா என்று அடித்துவிட்டாள். மூன்றாம் தடவை இருந்தவர் சிவகிரிக்காரர் இசக்கிப்பாண்டி. அவருக்குக் காரையாறு என்றால் அதே கோயிலில் இருக்கிற பட்டவராயன்தான், வேறு சாமி கண்ணில் படாது. "புரிஞ்சிட்டு, புரிஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். இப்படியாக, ஒரு புருஷனுக்காக ஏங்கிக்கொண்டிருந்தவள் மூன்று புருஷன்மாரைத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பெயர் அவள் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. ஒவ்வொரு ஆடிக்கும் அவர் போகும்போது ஒரு கட்டு உறைகளில் தன் விலாசத்தைத் தானே இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போவார். அவள் கடிதத்தை உள்ளே போட்டு ஒட்டினால் போதும், பெயர் எழுதும் சங்கடம் இல்லை. அந்த உறையில் ஒன்றை எடுத்து அருமைநாயகத்திடம் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை. அது கடிதத்துக்கான உறை, இது ஆபீசுக்கான ஃபாரம். இரண்டையும் ஒன்றாக நினைக்க அவளுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசியாக மிஞ்சியிருந்த உறையை எடுத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சைதூன் பீவியோடு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

"இதக் காட்டுனா போதும்லாக்கா?"

"வாயால சொல்லணும்னுலா எழுதியிருக்காரு."

"நீங்க சொல்லுங்களேன் எனக்காக."

"நான் சொன்னா எனக்குப் புருசனாயிருவாரு" என்றாள் சைதூன். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பங்களாவில் இவர்களுக்கு முன்னாலேயே கூட்டம். புளியங்குடி, திருவேங்கடம் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கூப்பிட நேரமாகும் என்றான் வாசலில் இருந்தவன். வந்தது வந்தாயிற்று, குளித்துவிட்டு வருவோம் என்று சைதூன் சொன்னாள். பேரருவியில் தண்ணீர் கனத்து விழுந்துகொண்டிருந்தது. சைதூன் கரையில் நின்று கைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க குளிக்கலையாக்கா?"

"நீ போ. நான் பாத்துக்கிட்டிருக்கேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமான புதுசுல இங்கன கூட்டிட்டு வந்தாக. ஈரச் சட்டையோட அல்வா வாங்கித் தந்தாக."

சைதூனின் வீட்டுக்காரர் காலராவில் போய் வெகுகாலம் ஆகிறது. வார்டில் அவள் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

"மாடத்தி, ஒன்னு சொல்லட்டா? நான் அவுக பேர ஒரு நாளும் சொன்னதில்ல. தூக்கத்துலகூடச் சொன்னதில்ல. அத்தன பத்திரமா வச்சிருந்தேன்." அருவிச் சத்தத்தில் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "இருந்தாகளா? போயிட்டாகள்லா. இப்ப எனக்கு ஆசையா இருக்கும், ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமேன்னு. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளு வேணும்லா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரல்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாடத்தி பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து அருவிக்கு அடியில் போய் நின்றாள். தண்ணீர் தலையிலும் தோளிலும் அடித்தது. பக்கத்தில் நிற்பவள் கூவுவதுகூடக் கேட்கவில்லை. பெயரைச் சொல்லாமல் இருந்ததால் அவர் பத்திரமாக இருக்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இருக்கிறார்தான், யாருக்கு இருக்கிறார்? நாலு டிரைவர்கள் படுக்கிற அறைக்கு இருக்கிறார். போன ஆடிக்கு வந்து திரும்பிய அன்று பஸ் புறப்படும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். 'ஏங்க' என்றாள். அந்தச் சந்தடியில் எத்தனை பேருக்கு எத்தனை பெண்டாட்டிகள் 'ஏங்க' சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அவர் திரும்பவே இல்லை. பஸ் போய்விட்டது.

அவள் வாய் திறந்தாள். தண்ணீர் புகுந்தது. துப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழு மூச்சோடு அந்தப் பெயரைச் சொன்னாள். அருவி அதை விழுங்கிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் வாய்க்குள் அந்தப் பெயர் எப்படி உருண்டது என்பது தெரிந்தது. மன்னிச்சுக்கிடு சாமி என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். சாமிக்கும் அதே பெயர்தானே என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

ஈரத் தலையோடுதான் பங்களாவுக்குள் போனாள். சாரல் காலத்தில் அங்கே யார் தலைதான் காய்ந்திருக்கிறது? கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். கைப்பையை நீட்டிவிட்டுச் சைதூன் வாசலில் நின்றாள்.

ஆபீசர் நடுத்தர வயசு, மூக்குக் கண்ணாடி. கடிதத்தில் இருந்த காரம் முகத்தில் இல்லை. மேஜையில் மூன்று ஃபாரங்களையும் வரிசையாகப் பரப்பி, பக்கத்தில் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க. காது மச்சம் எடம் மாறலீன்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

"ஆமாய்யா." அவளுக்குக் காது சுட்டது.

"எங்க ஆபீஸ்ல எல்லாருமே அதப் படிச்சுட்டாங்க. சரி, சொல்லுங்க. ஊட்டுக்காரர் பேரு?"

கைப்பைக்குள் உறை இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

"சொரிமுத்து" என்றாள்.

ஜன்னல் வழியாக அருவிச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆபீசர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்கலீங்கம்மா. இன்னொருக்காச் சொல்லுங்க."

"சொரிமுத்து."

"அட, கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களே."

"சொரிமுத்து! எங்க வீட்டுக்காரவுக பேரு சொரிமுத்து!"

வாசலில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆபீசர் பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. அந்த விரலை மாடத்தி பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"இருக்காருங்க. லாரி டிரைவர், மேல் டிவிசன்." மூன்று ஃபாரங்களையும் சேர்த்துக் குறுக்கே கோடு போட்டார். "சொரிமுத்து அய்யனார்னு நல்ல சாமி பேருதானுங்களே, இதச் சொல்றதுக்கு இத்தன நாளா? உத்தரவு தபால்ல வரும். ஆடிக்குள்ள வேலைல சேரணும்."

ஆடிக்குள். அவர் இறங்கி வருவதற்குள் இவள் ஏறிப் போய்விடலாம். அமாவாசைக்கு இரண்டு பேருமாக இறங்கி வரலாம். வந்து, இரண்டு பேருமாகத் திரும்பிப் போகலாம். பஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. மாடத்தி எழுந்து கும்பிட்டாள்.

"அதுக்குள்ள எந்திரிச்சா எப்படிங்க?" ஆபீசர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். கொஞ்சம் சங்கடமாகத்தான் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. இன்னொரு ஃபாரம் இருக்குது. தனி வீடு கேக்கறதுக்கு. தமிழ்லயே எழுதலாம்."

நீட்டினார். புத்தம் புதுத் தாள். மாடத்தி வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"அவுக பேர எழுதுத கட்டம் எங்கனய்யா இருக்கு?" என்று கேட்டாள். "அத முதல்ல எழுதிருதேன்."

ஆபீசர் காட்டினார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் ஈர விரல் படாமல் தாளைத் தூக்கி, மை காய ஊதினாள்.

"இது ஒன்னு போதுமாய்யா, இல்ல ரெண்டு காப்பி வேணுமா?"